பணத்தை வாங்குபவரும் பணத்துக்கு உரியவரும்



சேமிப்பைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். எப்படிச் சேர்ப்பது என்று சொல்ல இன்று ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். சேர்த்தவர் இறந்த மறுநாள் அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் ஆள் குறைவு. வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தில் கடைசிப் பக்கத்துக்கு அருகே நாமினி என்று ஒரு கட்டம் வரும். கவுன்டரில் இருப்பவர், "யார் பேராவது எழுதுங்க சார்" என்பார். நாமும் எழுதிவிட்டு வந்துவிடுவோம். அந்த ஒரு கட்டம் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். வங்கிக் கிளைகளில் வேலை பார்த்தவன் என்பதால் வங்கி வைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றை ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் தொட்டுக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். சட்டத்தை வெறுமனே சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் முருகேசன். 2004 இல் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கினார். அப்பா அப்போதே இல்லை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. ஆகவே தம்பி செல்வத்தின் பெயரை நாமினியாக எழுதினார். ஐந்தாறு ஆண்டு கழித்துக் கவிதாவோடு திருமணம் ஆயிற்று, ஒரு மகன், ஒரு மகள். பழைய கணக்கு அப்படியே ஓடியது. மிச்சம் பிடித்ததையெல்லாம் அதே கிளையில் நிரந்தர வைப்பாகப் போட்டு வந்தார், அதற்கும் தம்பியே நாமினி. அது 12 லட்சம் ரூபாயாக வளர்ந்து நின்றபோது மாரடைப்பில் இறந்துபோனார். உயில் எதுவும் எழுதவில்லை.

அந்த 12 லட்சம் யாருக்கு? இங்கே கையைத் தூக்கச் சொன்னால் அவை இரண்டாகப் பிரியும். நாமினி தம்பி, ஆகவே தம்பிக்கு என்பார்கள் சிலர். மனைவி இருக்கும்போது தம்பிக்கு எப்படிப் போகும், மனைவிக்குத்தான் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு விடையும் தவறு.

வங்கி முதலில் என்ன செய்யும் என்று பார்ப்போம். செல்வம் கிளைக்குப் போகிறார். கோரிக்கைப் படிவம், அண்ணனின் இறப்புச் சான்றிதழ், தன் ஆதார் போன்ற ஓர் அடையாள ஆவணம், இந்த மூன்றையும் கொடுக்கிறார். வங்கி அவர்தான் அந்தச் செல்வம் என்று உறுதி செய்துகொண்டு பணத்தைக் கொடுத்துவிடும். தொகை 12 லட்சமானாலும் ஒரு கோடியானாலும் இதே மூன்று தாள்தான். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழையோ, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழையோ, ஜாமீன்தாரரையோ நாமினியிடம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி நெடுநாளாகச் சொல்லிவரும் விதி. தவணை முடியாத வைப்பாக இருந்தாலும் அபராதம் பிடிக்காமல் முறித்துக் கொடுக்க வேண்டும். எல்லாத் தாளும் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் முடித்தாக வேண்டும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையில் இதற்கு ஒரு கடிவாளமும் உண்டு. தாமதம் வங்கியால் வந்ததென்றால், வங்கி விகிதத்துக்கு மேல் ஆண்டுக்கு 4 விழுக்காடு சேர்த்து வட்டியாகத் தர வேண்டும். 2026 மார்ச் 31 க்குள் எல்லா வங்கிகளும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

ஆக, பணம் செல்வத்தின் கணக்குக்குப் போய்விட்டது. வங்கியின் வேலை முடிந்தது. குடும்பத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

முருகேசன் இந்து. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்து யாருக்கு என்பதை 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. முதல் வகுப்பு வாரிசுகள் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் அதில் இருக்கிறார்கள், ஆளுக்குச் சமபங்கு. தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. முதல் வகுப்பில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் அடுத்த வகுப்புக்குப் பேச்சே இல்லை. ஆகவே 12 லட்சத்தில் கவிதாவுக்கு 3 லட்சம், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 3 லட்சம், முருகேசனின் அம்மாவுக்கு 3 லட்சம். செல்வத்துக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. அவர் கையில் இருப்பது நால்வருடைய பணம்.

அம்மாவின் பங்கு என்றதும் பலர் முகம் மாறுவதைக் கிளையில் பார்த்திருக்கிறேன். "அவங்க பெரிய மகன்கிட்டதானே இருக்காங்க, அவங்களுக்கு எதுக்கு?" என்று மருமகள்கள் கேட்டதுண்டு. தாய் யாரோடு இருக்கிறார் என்று சட்டம் பார்ப்பதில்லை. இறந்த மகனின் பிள்ளைக்கு என்ன பங்கோ அதே பங்கு தாய்க்கு. தந்தைக்கு அப்படி இல்லை. அவர் இரண்டாம் வகுப்பு. இது ஏன் இப்படி என்று தந்தைமார் கேட்டால் என்னிடம் விடை இல்லை, சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு முறை வேறு. அந்தந்தச் சட்டப்படி பார்க்க வேண்டும். ஆனால் நாமினி வேறு, வாரிசு வேறு என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

இது எப்படி நிலைபெற்றது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அது காப்பீட்டு வழக்கு. 1967 இல் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள் எடுத்திருந்தார். இரண்டிலும் மனைவிதான் நாமினி. இறந்தவருடைய தாயும் சிறுவயது மகனும் எங்களுக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றங்கள் அந்தக் காலத்தில் இதில் ஒருமித்து இல்லை. நாமினிக்கே பணம் சொந்தம் என்று தீர்த்த நீதிமன்றமும் இருந்தது. கடைசியில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்ற கை மட்டுமே. பணம் இறந்தவரின் சொத்தில் சேர்ந்து வாரிசுகளுக்கே போகும். சர்பதி தேவி வழக்கு என்று வழக்குரைஞர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். இருபதாயிரம் ரூபாயை யார் பிரித்துக்கொள்வது என்று முடிவாகப் பதினாறு ஆண்டு ஆனது.

வங்கி வைப்புக்கு அப்போது நாமினி வசதியே கிடையாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தை 1983 இல் திருத்தி, 45 இசட்ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1985 இல்தான் விதிகளோடு அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிவைப் படித்துப் பார்த்தால் சாதாரண வாசகருக்கு நிச்சயம் குழப்பம் வரும். வைப்புதாரர் இறந்ததும், வேறு எந்தச் சட்டத்திலும் உயிலிலும் என்ன இருந்தாலும், வைப்புதாரரின் எல்லா உரிமையும் நாமினிக்கு வந்துவிடும் என்ற பொருளில் அது இருக்கிறது. எல்லா உரிமையும் என்று எழுதிவிட்டு, சொந்தமில்லை என்றால் எப்படி? ஒரு மகன் இதையே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். அப்பாவின் கணக்கில் நான்தான் நாமினி, சட்டமே என்னை முழு உரிமையாளன் என்கிறது என்பது அவர் வாதம். 2010 இல், தல்வார் வழக்கில், நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இறந்தவர் கணக்கை இயக்கும் உரிமையும் பணத்தைப் பெறும் உரிமையும்தான் நாமினிக்கு வருகின்றன. பணத்தின் உடைமை வருவதில்லை. அது வாரிசு முறைப்படி பிரியும் என்றது. அந்தப் பிரிவின் கடைசியிலேயே இதற்கான சாவியும் இருக்கிறது. பணம் வாங்கியவர் மீது வேறு எவருக்கும் உள்ள உரிமையை இந்தப் பிரிவு பாதிக்காது என்று ஒரு வரி. கண்ணில் படாமல் போய்விடும் வரி அது.

அப்படியானால் நாமினி முறை யாருக்காக? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அது முதன்மையாக வங்கிக்காக. இறந்தவரின் வாரிசுகள் யார், எத்தனை பேர், இரண்டாம் மனைவி உண்டா, விட்டுப்போன மகள் எங்காவது இருக்கிறாளா என்று கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி விசாரிக்க முடியாது. ஒருவர் பெயரை வைப்புதாரரே சொல்லிவிட்டால், அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஊரில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த மணியார்டரை நாம் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பதில்லையா, செல்வத்தின் நிலை அதுதான். தபால்காரர் போய்விட்டார், பணம் நம் கையில் இருக்கிறது, ஆனால் அது நம் பணமாகிவிடவில்லை.

வைப்புதாரரின் குடும்பத்துக்கும் இதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. சாவு நடந்த வீட்டில் கையில் பணம் வேண்டும். பதினைந்து நாளில் மூன்று தாளில் பணம் வெளியே வருவது பெரிய உதவி. எந்தக் கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது கவிதாவின் பக்கம் வருவோம். கணவருக்குப் பழைய கணக்கில் 12 லட்சம் இருந்தது அவருக்குத் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, சான்றிதழ் வருகிறது. அதில் நான்கு பெயர்கள். அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், நாங்கள்தான் வாரிசுகள், தம்பிக்குக் கொடுக்காதீர்கள் என்று கடிதம் கொடுக்கிறார். வங்கி அதைக் கேட்கக் கடமைப்பட்டதல்ல. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு எவர் தரும் உரிமை அறிவிப்பையும் வங்கி ஏற்க வேண்டியதில்லை என்று அடுத்த பிரிவே சொல்கிறது. விதிவிலக்கு ஒன்றே. உரிய நீதிமன்றத்தின் ஆணையோ தீர்ப்போ காட்டப்பட்டால் வங்கி அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

ஆகவே கவிதா செய்யக்கூடியது, பணம் போவதற்கு முன்பு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை பெற்று, அதன் நகலைக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்வது. செல்வம் முந்திக்கொண்டு மூன்று தாளையும் கொடுத்துவிட்டால் அவருக்கு இருப்பது சில நாட்கள்தான். வெறும் கடிதத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று பணத்தை நிறுத்தி வைக்கும் மேலாளர்கள் உண்டு. இரக்கத்தில் செய்வதுதான், ஆனாலும் அது விதிக்கு மாறானது. அந்த இரக்கத்தை நம்பிக் கவிதா உட்கார்ந்திருக்கக் கூடாது. பணம் போன பிறகு வங்கி மீது வழக்குப் போட்டுப் பயனில்லை. கொழுந்தன் மீதுதான் போட வேண்டும். அவர் அதை வைத்து வீடு கட்டியிருந்தால், வண்டி வாங்கியிருந்தால், தீர்ப்பு கையில் இருக்கும், பணம் இருக்காது.

செல்வம் நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலான செல்வங்கள் நல்லவர்கள்தான். அண்ணி, இது உங்க பணம் என்று அவர் கொடுக்க வரும்போதும் எப்படிக் கொடுப்பது என்பது முக்கியம். முழுவதையும் அண்ணியிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால், அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் இன்னும் கணக்குச் சொல்ல வேண்டியவரே. ஆகவே கவிதாவின் கணக்குக்கு 3 லட்சம், அம்மாவின் கணக்குக்கு 3 லட்சம், பிள்ளைகள் சிறுவர்கள் என்பதால் அவர்கள் பெயரில் தாயைக் காப்பாளராக வைத்து ஆளுக்கு 3 லட்சம் வைப்பு என்று வங்கி வழியாகவே மாற்றி, ஒவ்வொருவரிடமும் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அம்மா கைரேகை வைப்பவர் என்றால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாங்க வேண்டும்.

இதில் ஒரு சுற்று இருக்கிறது. அம்மாவின் 3 லட்சம், அவரும் உயிலில்லாமல் இறந்தால், அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இருக்கும் மகன் செல்வத்துக்குப் பாதி, இறந்த மகன் முருகேசனின் பிள்ளைகளுக்குப் பாதி. அண்ணன் பணத்தில் செல்வத்துக்கு நியாயமாக ஏதாவது வரும் வழி அது ஒன்றுதான், அதுவும் ஒன்றரை லட்சம்.

முருகேசன் ஓர் உயில் எழுதியிருந்தால்? சம்பாதித்த பணம் அவருடையது, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முழுவதும் கவிதாவுக்கு என்று எழுதியிருந்தால் முழுவதும் கவிதாவுடையது. அம்மாவின் பங்கு என்ற பேச்சும் எழாது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் உயில் கவிதா பெயரிலும் நாமினி தம்பி பெயரிலும் இருந்தால், வங்கி தம்பிக்கே கொடுக்கும். பிறகு கவிதா உயிலைக் காட்டி அவரிடம் கேட்க வேண்டும். உயிலும் நாமினியும் ஒரே திசையைப் பார்த்தால்தான் குடும்பத்துக்கு நிம்மதி.

திருமணத்துக்கு முன்பு எழுதிய நாமினியைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் நடக்கிறது. முருகேசனுக்கு வருங்கால வைப்பு நிதியும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் அதிலும் தம்பி பெயரைத்தான் எழுதினார். ஆனால் அந்தத் திட்டத்தின் விதி வேறு. குடும்பம் இல்லாத காலத்தில் செய்த நியமனம், ஊழியருக்குக் குடும்பம் அமைந்ததும் செல்லாமல் போய்விடும். ஆகவே பி.எஃப். பணம் தம்பிக்குப் போகாது. வங்கி நியமனத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. தாலி கட்டினாலும் பிள்ளை பிறந்தாலும், வைப்புதாரர் தானே எழுதிக் கொடுத்து மாற்றும் வரை அது உயிரோடு இருக்கும். வைப்பைப் புதுப்பித்தாலும் பழைய நாமினியே தொடர்வார். காப்பீட்டில் இன்னொரு விதம். 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோரை நாமினியாக எழுதினால் அவர்களுக்கே பணம் சொந்தமாகிறது. சர்பதி தேவி வழக்கு இன்று நடந்தால் மனைவி வென்றிருப்பார். ஒரே மனிதர், மூன்று படிவம், மூன்று விளைவு. இதைச் சட்டமியற்றுபவர்கள் ஒரே சீராக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் இன்றைய நிலை இதுதான்.

மாற்றுவது கடினமா என்றால் இல்லை. நாமினியை நியமிக்க ஒரு படிவம், ரத்து செய்ய ஒன்று, மாற்ற ஒன்று. கிளையிலும் கிடைக்கும், பல வங்கிகளின் செயலியிலும் செய்யலாம். கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சி தேவையில்லை, கைரேகை வைப்பவருக்கு மட்டும் இரண்டு சாட்சி. கூட்டுக் கணக்கு என்றால் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். நாமினிக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் சம்மதம் வேண்டும் என்பதெல்லாம் கிடையாது. சிறுவரை நியமித்தால், அவர் வயதுக்கு வருமுன் பணம் வாங்கக்கூடிய ஒரு பெரியவரையும் குறிப்பிட வேண்டும். கொடுத்த பிறகு ஒப்புகை கேட்டு வாங்குங்கள். பாஸ்புக்கில் நியமனம் பதிவானது என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். விரும்பினால் பெயரையும் அச்சிடச் சொல்லலாம். அச்சில் எதுவும் இல்லையென்றால், படிவம் எங்கோ ஒரு கட்டில் இருக்கிறது, கணினியில் ஏறவில்லை என்று பொருள். கிளைகள் கணினிக்கு மாறிய காலத்துப் பழைய கணக்குகளில் இது உண்டு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் மட்டும் வரும் தொல்லை இது. படிவத்தில் செல்வம் என்று எழுதியிருப்போம். ஆதாரில் எம். தமிழ்ச்செல்வம், பான் அட்டையில் தமிழ்ச்செல்வம் மாணிக்கம். அவர்தான் இவர் என்று நிரூபிக்கக் கடைசியில் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். நாமினியின் பெயரை அவருடைய ஆதாரில் உள்ளபடி, இனிஷியல் உட்பட எழுதினால் அந்தப் பாடு இல்லை.

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை நியமிக்கலாம். இதில் இரண்டு வகை. ஒன்றில் எல்லோரும் ஒரே நேரத்தில் நாமினி. யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டும், கூட்டினால் நூறு வர வேண்டும். மற்றதில் வரிசை. முதல் பெயர்க்காரர் இல்லையென்றால் இரண்டாமவர், அவரும் இல்லையென்றால் மூன்றாமவர். லாக்கருக்கு வரிசை முறை மட்டுமே. முருகேசன் இருந்திருந்தால் மனைவிக்கு 75, அம்மாவுக்கு 25 என்று எழுதியிருக்கலாம். பிள்ளைகளின் பங்கு மனைவி வழியாக வரும், அம்மாவின் பங்கு நேராக அம்மா கைக்கே போகும், கணக்கு வாரிசு முறையோடு ஒத்துப்போகும். விழுக்காடு எழுதிவிட்டதால் அதுவே பாகப்பிரிவினை ஆகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நாமினி ஒருவர் என்றாலும் நால்வர் என்றாலும் அவர்கள் பெற்றுக்கொள்பவர்களே என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஒரே நேர முறையில் ஒரு நாமினி முன்பே இறந்துவிட்டால், அவர் பங்குக்கு மட்டும் நியமனமே இல்லாதது போல் ஆகும். அது மற்ற நாமினிகளுக்குத் தானாகப் போகாது.

கூட்டுக் கணக்கு வைத்திருக்கிறோம், எங்களுக்கு நாமினியே தேவையில்லை என்பார்கள் சில தம்பதியர். இருவரில் எவரேனும் அல்லது பிழைத்திருப்பவர் என்ற வகையில் கணக்கு இருந்தால், ஒருவர் இறந்ததும் மற்றவருக்குப் பணம் கிடைக்கும். நாமினிக்கு வேலை வருவது கடைசி ஆளும் இறந்த பிறகுதான். ஆனால் ஒரே வண்டியில் போய் இருவரும் திரும்பாத குடும்பங்களையும் கிளையில் பார்த்தாயிற்று. தவிர, பிழைத்திருப்பவர் வாங்குவதும் இறந்தவரின் பங்கைப் பொறுத்தவரை மற்ற வாரிசுகளுக்காகத்தான் என்பதை ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாகவே சொல்கிறது.

நாமினி என்று யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? பணம் முடங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். முன்பு ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு அலைக்கழித்தது உண்மை. 2025 நெறிமுறைப்படி வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை, எளிய முறையில் தீர்க்க வேண்டும். கோரிக்கைப் படிவமும் இறப்புச் சான்றிதழும், வாரிசுகளின் அடையாள ஆவணமும், வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழும், பின்னால் வேறு யாராவது வந்தால் ஈடுசெய்வோம் என்ற உறுதிப் பத்திரமும், பணம் கோராத வாரிசுகளின் விட்டுக்கொடுப்புக் கடிதமும் போதும். மூன்றாம் ஆள் ஜாமீன் கேட்கக் கூடாது. முருகேசன் நாமினி கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அவருடைய 12 லட்சம் இந்த வரம்புக்குள் வரும். நால்வரும் சேர்ந்து மனுப் போட்டு, நேராகத் தங்கள் பங்கை வாங்கியிருப்பார்கள். காலிக் கட்டத்தைவிடத் தவறான பெயர் மோசம் என்று நான் சொன்னால் பழைய சகாக்கள் கோபிப்பார்கள். ஆனால் இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அது உண்மை. வரம்பைத் தாண்டினால், அல்லது வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால், காகிதமும் காலமும் கூடும். நீதிமன்ற வாசலும் மிதிக்க வேண்டிவரலாம்.

இறந்தவரின் ஏடிஎம் அட்டையைப் பற்றியும் கேட்பீர்கள். பின் எண் தெரியும், எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. இறப்போடு அந்த அட்டையின் அதிகாரமும், அவர் யாருக்காவது கொடுத்த அதிகாரப் பத்திரமும் முடிந்துவிடும். காரியச் செலவுக்கு எடுத்தோம் என்பது வீட்டில் எல்லோரும் ஒத்திருக்கும் வரைதான் செல்லும். ஒரு வாரிசு முரண்டினால் எடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். இறந்த மாதத்துக்குப் பிறகும் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால் அதையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

கடைசியாக, யாருக்கும் தெரியாத கணக்குகள். முருகேசன் 2004 க்கு முன்பு ஒரு பயிற்சிக் கூடத்தில் இருந்தபோது வேறு ஊரில் ஒரு கணக்குத் தொடங்கி மறந்திருக்கலாம். பத்தாண்டு இயக்கமில்லாத கணக்கும், தவணை முடிந்து பத்தாண்டு கேட்கப்படாத வைப்பும் 2014 இல் ரிசர்வ் வங்கி அமைத்த வைப்புதாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை போகாது, வட்டி தரும் வைப்புக்கு 2021 மே முதல் ஆண்டுக்கு 3 விழுக்காடு தனிவட்டியும் உண்டு. தேட 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தைத் திறந்திருக்கிறார்கள். கைப்பேசி எண்ணில் பதிவு செய்துகொண்டு, கணக்காளர் பெயரைக் கொடுத்து, வங்கிகளைத் தேர்ந்து, பான் எண், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றை இட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். முருகேசனின் பெயரில் யு ஒன்றா, எச் வருமா என்பதெல்லாம் கணக்குத் தொடங்கிய அன்று எழுத்தர் போட்டதுதான். கணக்கு இருப்பதாகக் காட்டினால் அந்த வங்கிக் கிளைக்குப் போய் வாரிசுகளாக மனுக் கொடுக்க வேண்டும். வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த நிதியிடமிருந்து தான் வாங்கிக்கொள்ளும்.